தொட்டிலை விட்டு இறங்கியவன்

அன்பு மகளுக்கு,

பேரன் தொட்டில் சட்டத்தின் மேல் காலைப் போட்டு இறங்கப் பார்க்கிறான் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏறாத பிள்ளையென்றால் மூன்று வயது வரை பொறுத்திரு என்றிருப்பேன். மெத்தையைக் கடைசித் தட்டுக்கு இறக்கிய பிறகும் ஏறுகிறான் என்றால் இனி அதில் விடாதே, தலைகுப்புற விழுந்துவிடுவான். இன்றிரவே மெத்தையைத் தரையில் போட்டுவிடு. கட்டில் பிறகு வரட்டும்.

இதுவரை அவனைத் தடுத்தது கம்பிகள்தான்மா. அவை போனதும், விழித்தால் எழுந்து நடப்பான். அதனால் இனி அவன் அறை முழுவதும்தான் தொட்டில். அலமாரியைச் சுவரோடு திருகி மாட்டு. ஜன்னல் திரைக் கயிறு கைக்கு எட்டக் கூடாது. மாடிப்படிக்குத் தடுப்பு போடு. குளியலறை, சமையலறைக் கதவுகளைச் சாத்தி வை.

உன் இரண்டரை வயதில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு நீ இருட்டில் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாய். எப்போது வந்தாய் என்றே எங்களுக்குத் தெரியாது. மறுநாளே உன் அறைக் கதவில் ஒரு சின்ன மணி கட்டினேன். நீயும் கட்டு.

மணி கேட்டதும் எழுந்து போ. முதல் தடவை மட்டும் "தூங்கும் நேரம், படுத்துக்கோ" என்று சொல். அடுத்த தடவைகளில் பேச்சே வேண்டாம். விளக்குப் போடாதே, கோபமும் காட்டாதே, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்துவிடு. திட்டினாலும் கொஞ்சினாலும், எழுந்து வந்ததற்குப் பலன் கிடைத்த மாதிரிதான் அவனுக்கு.

முதல் இரவு உன்னைப் பதினேழு தடவை கொண்டுபோய் விட்டேன். இரண்டாம் இரவு இருபத்து மூன்று! இந்த வழி சரிப்படாது என்று முடிவுகட்டி, கதவை வெளியே தாழிட்டேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. திறந்து பார்த்தால் வாசலிலேயே சுருண்டு தூங்கியிருந்தாய். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. தீப்பிடித்தால் பிள்ளை வெளியே வர வழி இருக்காது என்பதும் அப்புறம்தான் உறைத்தது. நீ எந்தக் காரணத்துக்கும் தாழிடாதே.

பழைய பலன் கிடைக்காதபோது பிள்ளை இன்னும் முயன்று பார்க்கும். அதனால் எண்ணிக்கை ஏறுவது தோல்வி இல்லை. மூன்றாம் இரவு ஒன்பது தடவை வந்தாய். அதைவிட, ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் நீண்டதுதான் எனக்குத் தெம்பு தந்தது. முழுதாக அடங்க இரண்டு வாரம் ஆயிற்று. இடையில் ஒருநாள் மட்டும் பக்கத்தில் படுக்க விட்டோம், மறுநாள் பழையபடி ஆரம்பித்தாய். நீயும் மாப்பிள்ளையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

காய்ச்சலென்றாலோ, கனவு கண்டு பயந்து வந்தாலோ இதெல்லாம் பொருந்தாது. அப்போது அணைத்துக்கொள். ஆனால் அவன் படுக்கையிலேயே உட்கார்ந்து அணைத்துக்கொள்.

எத்தனை தடவை எழுந்தான் என்று காலையில் எனக்கு எழுது. நான் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

உன் அப்பா