நெல் விற்ற அன்றே புடவை எடுக்க மாட்டார்கள்

பாப்பாவுக்கு,

நீ கேட்டபடி நம் ஜவுளிக்கடையின் தள்ளுபடித் தேதிகளை அனுப்பலாம் என்றுதான் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். மன்னார்குடியில் நான் வைத்த தேதியைப் பொள்ளாச்சியில் உன் புதுக் கடையில் வைத்தால் உனக்கு நஷ்டம்தான் வரும். அதனால் தேதிகளை விட்டுவிட்டு, அவை எப்படி வந்தன என்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படி.

முதலில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். நீ காலேஜில் இருந்தாய், உனக்கு அது தெரியாது. அறுவடைக்குத்தானே எல்லோர் கையிலும் காசு இருக்கும் என்று, தை பிறந்ததும் பொங்கலை ஒட்டி ஒரு வாரம் எல்லாப் புடவைக்கும் 15 சதவீதம் தள்ளுபடி போட்டேன். நோட்டீஸ் அடித்து, பஸ் ஸ்டாண்டில் பையன்களை நிறுத்திக் கொடுத்தேன். கூட்டம் வந்தது. கிராமத்துப் பெண்கள் புடவையைப் பிரித்துப் பார்த்தார்கள், கரையைத் தடவினார்கள், "எடுத்து வைங்கக்கா, நெல்லுக் காசு வந்ததும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் யார் என்று ராத்திரி பில்லைப் புரட்டினால், டீச்சர்கள், ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். அவர்கள் பொங்கலுக்கு எப்படியும் எடுத்திருப்பார்கள். தள்ளுபடி இல்லாவிட்டாலும் எடுத்திருப்பார்கள்.

அந்த வாரக் கணக்கு இன்னும் மனதில் இருக்கிறது. நான் 500 ரூபாய்க்கு விற்ற புடவையின் அடக்க விலை 375. லாபம் 125. 15 சதவீதம் குறைத்தால் 425 ஆகிறது, லாபம் 50. அதாவது முன்பு ஒரு புடவையில் கிடைத்த லாபத்துக்கு இப்போது இரண்டரைப் புடவை விற்க வேண்டும். சாதாரண வாரத்தில் அந்த ரகம் 40 போகும், 5,000 ரூபாய் நிற்கும். அந்த வாரம் 62 போனது, எனக்கு ஒரே பெருமை. ஆனால் நின்றது 3,100. நோட்டீஸ் செலவு தனி. கல்லா நிறைந்திருந்ததால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை எழுதி ஒட்டிக்கொள்: எவ்வளவு விற்றது என்று பார்க்காதே, அடக்கம் போக என்ன நின்றது என்று பார்.

சரி, நெல்லுக் காசு எப்போதுதான் வருகிறது? சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசி வரை போகும். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், காயப்போட வேண்டும், நடுவில் ஒரு மழை பெய்தால் மறுபடியும் தார்ப்பாய், மறுபடியும் வெயில். பிறகு 40 கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போட்டு, அதற்கப்புறம்தான் பேங்க் கணக்கில் காசு ஏறும். இதில் எத்தனை நாள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒரு வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் இருக்காது. அதனால்தான் காலண்டரைப் பார்த்துத் தேதி வைப்பதை நான் விட்டேன்.

காசு ஏறியதும் நேராக நம் கடைக்கு வந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. முதலில் உரக்கடை பாக்கி. அடுத்தது அடகு வைத்த நகை. அதற்கப்புறம் அறுவடை மெஷின்காரருக்கும் கூலிக்கும் தர வேண்டியது. இதெல்லாம் போக மிச்சமிருப்பதுதான் ஜவுளிக்கு. இது புரிந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. தினமும் காலையில் கடை திறக்கும் முன் கடைத்தெருவில் ஒரு நடை போவேன். பேங்க் வாசலில் பாஸ்புக் பதிய வரிசை நின்றால் காசு ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடகுக் கடையில் வைக்க வருகிறவர்களைவிட மீட்க வருகிறவர்கள் அதிகமானால் இன்னும் ஏழெட்டு நாளில் நம் கடைக்கு வருவார்கள். மீட்ட சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண் கடைக்குள் வந்தால், அன்றைக்கே போர்டை வெளியே வைத்துவிடலாம்.

அந்த நேரத்திலும் நான் எல்லாவற்றுக்கும் விலை குறைப்பதில்லை. காசு கையில் இருக்கும்போது விலையைக் குறைத்து என்ன பிரயோஜனம்? அறுவடை சமயத்தில் நான் செய்வது பாக்கி வசூல். பழைய பாக்கியை மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல துண்டும் ஒரு உள்பாவாடையும் கையில் கொடுத்து அனுப்புவேன். அடக்கத்தில் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பாக்கி இருக்கிறவர்கள் பொதுவாக நம் கடை வாசலையே தாண்டிப் போவார்கள், அடுத்த கடையில் ரொக்கம் கொடுத்து எடுப்பார்கள், வெட்கம்தான் காரணம். கணக்கு தீர்ந்தால் அன்றைக்கே இரண்டு புடவை எடுப்பார்கள். இதை மாப்பிள்ளை ஒரு தள்ளுபடி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் வருஷத்தில் எனக்கு அதிகம் நின்றது இதில்தான்.

கல்யாணத்துக்கு வருவோம். முகூர்த்தப் பட்டுக்கு நம்மைப் போன்ற சின்னக் கடைக்கு யாரும் வர மாட்டார்கள், கும்பகோணத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ வேன் வைத்துப் போவார்கள். அதில் மனசு வருத்தப்படாதே, போட்டிக்குப் பட்டை வாங்கி அடுக்கிப் பணத்தை முடக்காதே. நமக்கு வருவது வைத்துக் கொடுக்கிற புடவை. அத்தைக்கு, சித்திக்கு, நாத்தனாருக்கு, சமையல்கார அம்மாவுக்கு என்று 300லிருந்து 700 ரூபாய்க்குள் 25, 30 எடுப்பார்கள், கூடவே வேட்டி துண்டு செட். இவர்களுக்கு வேண்டியது தள்ளுபடி இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, அதுதான் அவர்களின் கவலை. குறைந்துபோனால் மானம் போகும், மிஞ்சினால் பணம் போகும். நான் சொல்வது இதுதான்: "முப்பதா எடுத்துட்டுப் போங்க, மடிப்புக் கலையாம இருந்தா கல்யாணம் முடிஞ்சு பத்து நாளுக்குள்ள மிச்சத்தைக் கொண்டாங்க, காசைத் திருப்பித் தர்றேன்." திரும்பி வருவது நாலோ அஞ்சோதான். இருபது எடுக்க வந்தவர்கள் முப்பது எடுத்துப் போவார்கள், முழு விலைக்கு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள், திரும்பி வருகிற புடவையை விளக்குக்கு அடியில் பிரித்துப் பார்த்து வாங்கு. மஞ்சள் கறை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

கல்யாணம் எப்போது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தால் முகூர்த்த நாள்தான் தெரியும், உன் ஊரில் அன்றைக்கு எத்தனை கல்யாணம் என்று தெரியாது. அதைப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரரிடம் கேள். மண்டபத்து மேனேஜரிடமும் கேட்கலாம், ஆனால் பிரஸ்காரர் நமக்கு நெருக்கமான தேதியைச் சொல்வார். பத்திரிகை கைக்கு வந்ததும்தான் ஜனங்கள் வைத்துக் கொடுக்கிற புடவைக்குக் கிளம்புவார்கள். ஆர்டர் அவரிடம் போனதிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் உன் கடையில் சரக்கு இருக்க வேண்டும்.

ஆனியில் கடைசி முகூர்த்தம் முடியும் வரை ஆடித் தள்ளுபடி என்ற பேச்சையே வாயால் எடுக்காதே. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதே. நான் ஒரு வருஷம் ஆசைப்பட்டுப் பத்து நாள் முன்னாடியே பேனர் கட்டினேன், கல்யாணக்காரர்கள் வருவது நிற்கவில்லை, ஆனால் சட்டை, நைட்டி, சுடிதார் எடுக்கிறவர்கள் எல்லாம் "ஆடிக்கு வர்றோம்" என்று திரும்பிப் போனார்கள். ஆடி, விலையை உண்மையாகவே குறைக்க வேண்டிய மாதம்தான், மீந்துபோனதற்கு மட்டும். கல்யாண சீசனில் போகாத கலர், சைஸ் உடைந்த சட்டை, கடைசி இரண்டு பீஸ். இங்கே விவசாயி கையில் அப்போது காசு இருக்காது, விதைக்கும் உழவுக்கும் போயிருக்கும். அதனால் ஆடிக்கென்று புதுச் சரக்கு நான் வாங்குவதில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை சீருடை அரசே கொடுப்பதால் உனக்கு வருவது பெரும்பாலும் தனியார் பள்ளிக் கூட்டம்தான். அவர்களும் ஃபீஸ் கட்டிவிட்டு வற்றிய கையோடு மே கடைசியில் வருவார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் வருவதால் துணி இருக்கும், தையல்காரர் கை இருக்காது. அங்கேதான் குழப்பம். நான் மே 20க்குள் துணி எடுப்பவர்களுக்குப் பேண்ட், பாவாடையை மடித்துத் தைக்கும் கூலியை நானே ஏற்றுக்கொண்டேன், பாதிக் கூட்டம் முன்னாடியே வந்துவிட்டது. சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன், பள்ளி ஆபீஸில் இந்த வருஷம் சீருடைத் துணியின் கட்டம் மாறுகிறதா என்று நேரில் போய்க் கேள். பழைய கட்டத் துணி ஒரு சுருள் மேல் பரணில் இன்னும் கிடக்கிறது, அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

இனி உன் ஊர். பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த நெல் அறுவடை மாதிரி ஒரே அலையாகக் காசு வராது. தென்னந்தோப்புக்காரர்களுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு, தேங்காய் விலை ஏறி இறங்கும். கயிறு மில்லிலும் தேங்காய்க் களத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு வாரக் கூலி. ஆக, உன் அறுவடை வாரா வாரம் கூலி போடுகிற சாயங்காலமாகக்கூட இருக்கலாம். அன்று எட்டு மணிக்குக் கடையைச் சாத்துகிறாயா, ஒன்பதரை வரை திறந்து வைக்கிறாயா என்பதே பெரிய வித்தியாசம். சம்பந்தி அம்மாவிடம் கேள், எந்தக் கிழமை எங்கே கூலி போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடை திறந்து ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பெரிய தள்ளுபடி எதுவும் வேண்டாம். தினம் ராத்திரி நோட்டில் மூன்று விஷயம் எழுது: எவ்வளவு விற்றது, யார் வாங்கினார்கள், கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் என்ன சொல்லிப் போனார்கள். மூன்றாவதை விட்டுவிடாதே. "எடுத்து வைங்கக்கா" என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை அந்தப் பொங்கலன்று நான் எழுதி வைத்திருந்தால் அடுத்த மாதமே அவர்களைக் கூப்பிட்டிருப்பேன்.

என் பழைய நோட்டு இரண்டையும் அப்பா அடுத்த வாரம் வரும்போது கொண்டு வருவார். கூடவே நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு டப்பா, மாப்பிள்ளைக்கு வடகம். அந்தப் பள்ளிக்கூடத்துக் கட்டம் மாறுகிறதா என்று கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு, அதற்கு முன்னால் சீருடைத் துணிக்கு ஈரோட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அம்மா