பதினோராவது நோட்டு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ வேலையில் இருந்த நேரத்தில் பாப்பா போன் பண்ணினாள். பரீட்சை முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, படிக்காமல் என்ன பேச்சு என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் குரலிலேயே ஒரு கலக்கம் தெரிந்தது. "பாட்டி, பத்துப் பேர் ஆட்டோகிராஃப் நோட்டுல ஒரே கவிதையை எழுதிட்டேன். பதினோராவது நோட்டு அவளோடது. அவளுக்கும் அதையே எழுதினா கண்டுபிடிச்சிடுவா. என்ன எழுதட்டும்?" என்றாள். 'அவள்' யார் என்று உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பாப்பாவுக்குப் பக்கத்து இடத்தில் உட்காருகிற பெண்.

அந்தப் பத்து நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். 'மலர்கள் வாடலாம், மணம் போகலாம், நம் நட்பு என்றும் வாடாது.' நன்றாகத்தான் இருக்கிறது, பத்துப் பேருக்கு அது போதும் என்றேன். வகுப்பில் எல்லோரும் உயிர்த்தோழியாக இருக்க முடியாது. நோட்டை நீட்டுகிறவர்களுக்கு ஒரு வணக்கம் போல நாலு வார்த்தை எழுதுவதில் தப்பே இல்லை. இந்த வாடாத பூவும் இன்று நேற்று வந்தது இல்லை. ஜெர்மன் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இப்படி எழுதி வந்திருக்கிறார்கள்: 'ரோஜா, டூலிப், கார்னேஷன், எல்லாப் பூவும் வாடும், ஒன்று மட்டும் வாடாது, அதன் பெயர் என்னை மறவாதே.' அந்தப் பெயரிலேயே ஒரு சின்ன நீலப்பூ அங்கே உண்டு. பிரியும்போது கையெழுத்து வாங்கும் பழக்கமும் அந்தப் பக்கத்தில்தான் வேர்விட்டது. 1540-களிலேயே விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் எங்கோ படித்த பொன்மொழியைத்தான் எழுதினார்கள். அதனால் பாப்பா பத்து முறை ஒன்றையே எழுதியதற்காக நீ அவளைக் கடிந்துகொள்ளாதே.

பதினோராவது நோட்டுதான் வேறு விஷயம். அதற்கு என்ன சொல்வது என்று யோசிக்க ஒரு நாள் கேட்டேன். போனை வைத்துவிட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து என்னுடைய நோட்டை எடுத்தேன். 1976-இல் நான் பள்ளியை முடித்தபோது வாங்கியது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ரோஸ், மஞ்சள், இளம்பச்சை, நீலம் என்று மாறி மாறி வரும் தாள்கள். பெரும்பாலான பக்கங்களில் வாடாத பூவும் மறையாத நிலவும்தான். படித்தால் ஒரு முகமும் எழுந்து வரவில்லை. அந்தப் பிள்ளைகள் மனசில்லாமல் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு என்மேல் இருந்த பிரியம் அந்த வரிகளுக்குள் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். இளம்பச்சைத் தாள், ஊதா மை. 'இந்த உலகில் எனக்கு உன்னைவிட நெருக்கமானவள் யாரும் இல்லை. இதைப் படிக்கும் போதெல்லாம் என்னை நினைத்துக்கொள். இப்படிக்கு, நீ மறக்கவே முடியாத உன் உயிர்த்தோழி.' அவ்வளவுதான், பெயரே இல்லை. எழுதியபோது அவளுக்குப் பெயர் தேவைப்பட்டிருக்காது, எனக்கும் தேவைப்பட்டிருக்காது. அந்த வயதில் கையெழுத்தைப் பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடுமே! இப்போது எனக்குத் தெரியவில்லை, கண்ணு. மற்ற பக்கங்களோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். இவளுடைய 'ழ'வின் வால் நீண்டு முந்தைய எழுத்தின் கீழே வரைக்கும் போகிறது. அப்படி எழுதுகிறவர்கள் நோட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் தங்கள் பக்கத்தில் பெயர் போட்டிருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு பக்கம் எழுதினாளா, இல்லை இவள் மூன்றாமவளா? ஊதா மையை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசிப் பரீட்சை நாளில் ஒரே பேனா பத்துக் கை மாறும். என்னைத் தவிர யாரும் இல்லை என்று எழுதிய ஒருத்தியை நான் தொலைத்துவிட்டேன். நேற்று ராத்திரி வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பாப்பாவிடம் முதலில் முழுப் பெயரை எழுதச் சொல். தலைப்பெழுத்து, வகுப்பு, பிரிவு, தேதி, வருஷம் எல்லாம் வேண்டும். செல்லப்பெயர் இருந்தால் பக்கத்திலேயே அதையும் எழுதட்டும். 'அவளுக்குத் தெரியாதா பாட்டி' என்பாள். இன்றைக்கு இருக்கிற தோழிக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை உண்மையில் படிக்கப்போகிறவள் முப்பது, நாற்பது வருஷம் கழித்து இருக்கப்போகிற தோழி. அவளுக்கு எல்லாம் மங்கிப் போயிருக்கும். அந்த மறந்துபோன ஆளுக்குத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு பக்கம் மஞ்சள் தாளில் இருக்கிறது. எழுதியவள் எனக்கு அவ்வளவு நெருக்கமே இல்லை, இரண்டு வரிசை தள்ளி உட்காருவாள். எழுதியது மூன்றே வரி: 'கணக்கு மாதிரித் தேர்வில் என் கவராயம் உடைந்தது. நீ வட்டம் போட்டு முடிக்காமலே உன்னுடையதை எனக்குத் தள்ளிவிட்டாய். நீ கையால் போட்ட வட்டம் முட்டை மாதிரி இருந்தது, எனக்கு அழுகை வந்தது.' நான் அதை அடியோடு மறந்துவிட்டேன். படித்த நிமிஷத்தில் அந்தக் கவராயத்தின் தளர்ந்த திருகு, அதில் செருகின குட்டைப் பென்சில், பெஞ்சின் குழியில் அது உருண்டு நின்றது எல்லாம் வந்துவிட்டது. அவள் முகமும் வந்துவிட்டது. நட்பு என்ற சொல்லே அந்த மூன்று வரியில் இல்லை, பார்த்தாயா.

ஆகவே இன்று காலை பாப்பாவைக் கூப்பிட்டு, பேனாவை எடுக்காதே, முதலில் ஞாபகப்படுத்து என்றேன். அவளும் நீயும் மட்டும் இருந்த ஒரு நேரம், அப்போது கையில் இருந்த ஒரு பொருள், அவள் சொன்ன ஒரு வார்த்தை. ஐந்து நிமிஷம் 'அப்படி ஒண்ணும் இல்லையே' என்றாள். அப்புறம் 'அவ ரொம்ப நல்லவ, எப்பவும் ஹெல்ப் பண்ணுவா' என்றாள். எப்போது, எதற்கு என்று கேட்டேன். யோசித்து யோசித்து, எட்டாம் வகுப்பில் மேடையில் பேசும்போது தனக்குப் பாதியில் மறந்துபோனதைச் சொன்னாள். முன்வரிசையில் இருந்த அந்தப் பெண் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து அடுத்த வரியைச் சொன்னாளாம். முழுப் பேச்சும் இவளுக்காக அவளுக்கு மனப்பாடமாம்! இதை எனக்குச் சொல்லும்போதே பாப்பாவின் குரல் கம்மிவிட்டது. இதுதான் உன் பக்கம், இப்போது எனக்குச் சொன்ன மாதிரியே எழுது, அலங்காரம் வேண்டாம் என்றேன்.

அவள் முதலில் எழுதி அனுப்பியதில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'தினமும் உன்னிடம் பேசுவேன், இது சத்தியம்.' அதை எடுத்துவிடச் சொன்னேன். என் நோட்டில் 'வாரம் ஒரு கடிதம் போடுவேன்' என்று ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. நான் எத்தனை பேர் நோட்டில் அதையே எழுதினேனோ, அவர்களும் என்னை எதிர்பார்த்திருப்பார்கள். நடந்ததை எழுதினால் அது எந்தக் காலத்திலும் பொய்யாகாது. வாக்குக் கொடுத்து எழுதினால், நிறைவேறாதபோது அந்தப் பக்கத்தைத் திறக்கவே கை வராது. சத்தியத்தை மனசில் வைத்துக்கொண்டு செய்து காட்டட்டும்.

கேலி விஷயத்தில் நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை. மற்ற நோட்டுகளில் பட்டப்பெயரை வைத்து விளையாட்டாக எழுதியிருக்கிறாளாம். என் நோட்டில் ஒரு தாள் கிழிந்த தடம் இருக்கும், சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். என் பல்லைப் பற்றி ஒருத்தி எழுதிய பாட்டு அது. நேரில் அவள் சொன்னபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தவள்தான். வாயால் சொல்வது அந்தச் சிரிப்போடு போய்விடும். தாளில் எழுத்து மட்டும் மிஞ்சும், சிரிப்பு இருக்காது. அவள் இன்னும் என்னென்னவோ நல்லதாக எழுதியிருந்தாள், பல்லால் அதுவும் சேர்ந்து போனது.

பேனா பற்றியும் சொல்ல வேண்டும். பளபளக்கிற ஜெல் பேனாக்கள் பாப்பாவிடம் நிறைய இருக்கின்றன. மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனா ஊறி மறுபக்கத்தில் இருப்பவரின் எழுத்தையும் கெடுக்கும். ஜெல் மை காயும் முன் நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகப் பதியும். சாதாரண பால்பாயிண்ட் பேனா போதும். படம் ஒட்டுவதானால் செலோடேப் வேண்டாம். அது சில வருஷத்தில் பழுப்பேறி, பசை கசிந்து, கடைசியில் டேப் உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். என் நோட்டில் ஒரு படம் அப்படித்தான் பாழானது.

மத்தியானம் பாப்பா எழுதி முடித்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். 'எட்டாம் வகுப்பில் மேடையில் எனக்கு மறந்துபோனபோது நீ முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டால் சொன்னாய். அன்றைக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி உன்னுடையது. இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.' கீழே முழுப் பெயர், வகுப்பு, தேதி. ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறாள், 'வேற பக்கத்துல எழுதட்டுமா' என்று கேட்டாள். வேண்டாம், அந்த அடித்தலும் இருக்கட்டும் என்றேன்.

உன்னுடைய நோட்டும் அதே அலமாரியில் என்னிடம்தான் இருக்கிறது. நீலத்தாள் ஒன்று முக்கோணமாக மடித்து, ஓரத்தில் பசை வைத்து ஒட்டியிருக்கிறது. மேலே 'இப்போது திறக்காதே' என்று எழுதியிருக்கிறது. எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அது ஒட்டியபடியேதான் இருக்கிறது, நானும் பிரிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது நீயே பிரித்துப் பார். பசை கெட்டிப்பட்டிருக்கும், இழுத்தால் தாள் கிழியும், மெல்லிய கத்தி முனையால் ஓரத்திலிருந்து நிதானமாக நெம்பி எடுக்க வேண்டும். கத்தியை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா