உலக போலீஸ் எங்கே?

ஆசிரியருக்கு,

சர்வதேச சட்டம் வெறும் காகிதம்தான், மீறினால் பிடித்து உள்ளே போட உலக போலீஸ் எங்கே என்று கேட்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் பகாசி தீபகற்பத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். எண்ணெய் வளம் உண்டு என்று நம்பப்பட்ட அந்தத் தீபகற்பம் நைஜீரியாவின் கையில் இருந்தது, ராணுவமும் அங்கேயே நின்றது. 2002இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், அந்தப் பகுதிகளை அப்போது ஆண்ட பிரிட்டனும் ஜெர்மனியும் 1913இல் போட்ட எல்லை ஒப்பந்தத்தை வைத்து, அது கேமரூனுக்கே சொந்தம் என்றது. நைஜீரியா முதலில் முரண்டு பிடித்தது உண்மைதான். ஆனால் 2006இல் ஐ.நா. முன்னிலையில் ஒப்பந்தம் போட்டுப் படையை விலக்கி, 2008இல் முழுதாக ஒப்படைத்தது. போலீஸ் யாரும் வரவில்லை.

ஏன் கொடுத்தது? நைஜீரியாவுக்கு மற்ற பக்கங்களிலும் எல்லைகள் உண்டு. பழைய கோடு செல்லாது என்று இன்று சொன்னால், நாளை அதே வாதம் தன் மேலேயே திரும்பும். அப்புறம், சொன்ன சொல்லைக் காப்பாற்றாத நாட்டோடு அடுத்த ஒப்பந்தம் போட யார் வருவார்கள்?

சரி, எல்லோரும் இப்படியா? இல்லை. தன் நாட்டுக் கிளர்ச்சிப் படைக்கு உதவியதாக நிகராகுவா அதே நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1986இல் தோற்ற அமெரிக்கா தீர்ப்பை ஏற்கவில்லை, பாதுகாப்பு சபையில் வீட்டோவும் போட்டது. ஆனால் அப்போதும் சட்டமே இல்லை என்று அது சொல்லவில்லை, இந்த வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றுதான் வாதாடியது.

– ஒரு வாசகர்