சமையலறை ஜன்னலும் உன் மூன்று தொட்டிகளும்

அன்பு மகள் யாழினிக்கு,

சமையலறை ஜன்னல் கிரில்லில் மூன்று தொட்டிகளைத் தொங்கவிட்டு நீ அனுப்பிய படத்தை அம்மா பார்த்து, "புதினா எவ்வளவு தளதளவென்று இருக்கிறது!" என்று பூரித்தாள். எனக்குப் புதினா கண்ணில் படவில்லை, கண்ணு. கிரில்லின் அடிப்பட்டைக்குக் கீழே கிரானைட் மேல் தேநீர் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறதே, அதுதான் பட்டது. முப்பது வருடம் கரூரில் கிரில் பட்டறை நடத்தியவனுக்கு அந்தக் கோடு என்னவென்று சொல்லவா வேண்டும்? வாடகை வீடு வேறு. தொலைபேசியில் பாதிதான் கேட்பாய் என்பதால் எழுதுகிறேன்.

துரு மேலிருந்து வருவதில்லை. கிரில்லைப் பொருத்திய பிறகுதான் வீட்டில் பெயிண்ட் அடிப்பார்கள். முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பளபளவென்று இருக்கும். ஆனால் அடிப்பட்டைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் இருக்கும், அதற்குள் பிரஷ் போகாது. நீ தொட்டியிலிருந்து சிந்தவிடும் தண்ணீர் அந்த இடைவெளியைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலே துடைத்தாலும் அங்கே காயாது. போதாக்குறைக்கு நீ இருப்பது திருவான்மியூர், கடல் காற்றில் உப்பு. துரு பிடித்த இரும்பு ஊதும். ஊதிய இரும்பு திருகைப் பிடுங்கும், பக்கத்துப் பூச்சை விரிய வைக்கும்.

ஒரு சின்னச் சோதனை செய். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றிலிருந்து விரல் அகலத் துண்டு வெட்டி, அந்த இடைவெளியில் நுழைத்து இப்படியும் அப்படியும் இழு. காய்ந்து வெளுப்பாக வந்தால் கவலையில்லை. ஈரமாக வந்தால் தண்ணீர் தேங்குகிறது. பழுப்புப் பொடியோடு வந்தால் துரு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. கிரில்லில் பெயிண்ட் எங்காவது கொப்புளித்திருக்கிறதா என்றும் நகத்தால் அழுத்திப் பார். உள்ளே நொறுங்கினால் அந்த இடத்தைச் சுரண்டிவிட வேண்டும்.

நாம் சேலத்தில் வாடகைக்கு இருந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது உனக்கு மூன்று வயது. அம்மா கம்பி முறுக்கி நான்கு தொட்டிகளை ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். காற்றடிக்கும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று சத்தம். நானே கிரில்காரன், நானே கவனிக்கவில்லை. இரண்டு மழைக்காலம் போனதும் கொக்கி உரசிய ஒவ்வொரு இடத்திலும் பெயிண்ட் போய், துருநீர் வழிந்து கல்லில் கறை இறங்கிவிட்டது. காலி செய்யும்போது அட்வான்சில் பிடித்துக்கொண்டார்கள். கடிந்துகொள்ளவும் முடியவில்லை, தப்பு நம்முடையது.

அதனால் சொல்கிறேன், தொட்டியின் எடையைப் பற்றிப் பயப்படாதே. ஆறு அங்குலத் தொட்டி ஈரமண்ணோடு மூன்று கிலோ இருக்கும். பன்னிரண்டு மில்லிமீட்டர் சதுரக் கம்பிக்கு அது ஒரு பாரமே இல்லை. கெடுப்பது உரசல்தான். மூன்றில் இரண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிடு. ஒன்றைத் தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் ஜன்னலுக்கு உட்புறமாகத் தொங்கவிடு. வெளியே விட்டால் கீழே நடப்பவர் தலையை நினைத்துப்பார். கொக்கியின் மேல் மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டைச் செருகு. எல்லோரும் கம்பியின் மேல் சைக்கிள் டியூப் சுற்றுவார்கள். அது நல்லதுபோலத் தெரியும், ஆனால் டியூபுக்கு அடியில் ஈரம் அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரித்துவிடும். உறை கொக்கிக்கு, கம்பிக்கு இல்லை.

கீழே வைக்கும் தொட்டிகளை நேராகக் கல்லில் வைக்காதே. அடியில் தட்டு மட்டும் வைத்தாலும் தட்டுக்குக் கீழே வியர்த்து, போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வளையமாகப் படியும். அரை அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதிகளையும் ஜன்னலின் நீளத்துக்குக் கவிழ்த்துப் போடு. அதன்மேல் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் டிரே. உன் ஜன்னல் திண்டு ஒன்பது அங்குலம் என்றாய். ஆறு அங்குல டிரே போதும். கிரில் பக்கம் இரண்டு அங்குலமாவது விட்டு வை. காற்று அடியில் ஓடும், துணி நுழைத்துத் துடைக்கவும் இடம் இருக்கும். இரும்பு ஸ்டாண்ட் மட்டும் வாங்காதே, அதன் கால்களே கல்லில் நான்கு துருப்பொட்டு வைத்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமானது தண்ணீர் ஊற்றும் இடம். ஜன்னலில் வைத்து ஊற்றாதே. தொட்டியைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வை, அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்று, இருபது நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, சொட்டு நின்ற பிறகு திரும்ப வை. டிரேயில் தண்ணீர் நின்றால் அன்றே கொட்டிவிடு, கொசு முட்டையிட அவ்வளவு போதும். தினமும் தூக்குவதற்குக் கை வலிக்கும் என்பாய். அதற்குத்தான் மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டச் சொல்கிறாள் அம்மா: நார்க்கழிவு இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. எடை நன்றாகக் குறையும். நார்க்கழிவில் சத்து கிடையாது என்பதால் மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போட வேண்டுமாம்.

செடிகளைப் பற்றி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். புதினாவுக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். தொங்கும் தொட்டியிலிருந்து எடுத்து டிரேயில் வை. கொத்தமல்லி விதையைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி இரண்டாகப் பிளந்து, வளரும் தொட்டியிலேயே விதை. பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். முளைக்க பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், அதற்குள் கிளறிப் பார்க்காதே (இது உனக்கென்றே சொன்னது). தொங்கும் ஒரே தொட்டியில் கற்பூரவல்லியை வை. அதற்குத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும், வழியாது. பூவுக்குப் பத்துமணிப்பூ. உன் ஜன்னல் கிழக்கு பார்த்தது, முழு வெயில் எத்தனை மணிவரை விழுகிறது என்று ஒரு நாள் பார். ஐந்து மணி நேரமாவது விழாவிட்டால் தழைக்குமே தவிரப் பூக்காது. அடுப்புப் பக்கம் உள்ள செடியின் இலையில் எண்ணெய்ப் புகை படியும், வாரம் ஒருமுறை குழாயடியில் காட்டு.

சங்குப்பூக் கொடியைக் கிரில்லில் படரவிடப் போவதாக எழுதியிருந்தாய். அழகுதான். ஆனால் கொடி சுற்றிய கம்பி மழைக்குப் பின் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும், பெயிண்ட் அடிக்கவும் விடாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டிக்குள்ளேயே நட்டு அதில் ஏற்று.

பொங்கலுக்கு முன் வருகிறேன். உப்புத்தாளும் ரெட் ஆக்சைடு டப்பாவும் நான் கொண்டுவருகிறேன். தேய்த்து, துடைத்து, ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, மறுநாள் எனாமல் ஒரு கோட், அது நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு கோட். நிறம் மட்டும் நீ வீட்டுக்காரரிடம் கேட்டு வை. இப்போது இருக்கும் நிலையையும் படம் எடுத்து அவருக்கு இன்றே அனுப்பிவிடு.

அப்பா