வெப்ப அலை இல்லையாம், ஆனாலும் கவனம்

தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி உறவுகளுக்கு வணக்கம்.

"39 டிகிரி கொளுத்துது, இன்னும் வெப்ப அலைன்னு சொல்லலையே?" என்று நேற்று பலர் கேட்டீர்கள். கடலோர ஊர்களில் வெயில் 37 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. வழக்கம் 37.5 என்றால் 42 வர வேண்டும். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 பதிவானது. கத்திரி வெயில் பஞ்சாங்கக் கணக்கு, அது வேறு.

வெப்ப அலைக்கான இந்தக் கணக்கில் காற்றின் ஈரத்தைச் சேர்ப்பதில்லை. நம் பக்கம் ஆபத்தே அதுதான்: வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. கடல்காற்று மதியம் தாண்டியும் வராத நாளில் வெளிவேலையைத் தள்ளிப் போடுங்கள். தகர ஷீட் வீட்டில் இருக்கும் பெரியவர்களை எட்டிப் பாருங்கள்.

யாராவது உளறினாலோ மயங்கினாலோ 108-ஐ அழையுங்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மோர்கூட வேண்டாம்.