கேட்டுவிட்டுக் கை வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

நான் சக்கர நாற்காலியில் நடமாடுபவன். போன வாரம் ஒரு சாய்தளத்தில் நானே ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருவர், நல்ல மனதோடுதான், சொல்லாமல் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். என் கை சக்கர வளையத்தில் இருந்ததால் விரல் பிரேக்கில் மாட்டியது, சின்னதான முன்சக்கரம் விளிம்பில் தட்டி நிற்க, நான் முன்னால் சரிந்தேன். நாற்காலி என் உடம்பு மாதிரி, அதைத் தொட்டால் என்னைத் தொட்டதுதான்.

"உதவி வேணுமா, எப்படிச் செய்யணும்?" என்று முன்னால் வந்து கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள், அது கோபமில்லை.

அப்புறம், பேசும்போது தலைக்கு மேலே நின்றால் அண்ணாந்து பார்த்தே ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது. பக்கத்தில் நாற்காலி இருந்தால் எதிரே போட்டு உட்காருங்கள். இல்லையென்றால் இரண்டடி தள்ளி நின்றாலே என் பார்வை சாய்வு குறைந்துவிடும். ஒரு வணக்கத்துக்காக முழங்காலிட வேண்டாம், குழந்தையைக் கொஞ்சுவது போல் இருக்கிறது. கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பவர்களுக்கு: நான் இங்கேதான் இருக்கிறேன், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்