தடைக்காலத்தைத் தவறு என்று படித்த மாதிரி: கடன் நிறுவனத்தின் தணிக்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தணிக்கைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குளச்சலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். வங்கி வேலையின் கடைசி ஆண்டுகளை உள்தணிக்கையில் கழித்து ஓய்வு பெற்றவன். இப்போது ஊர் நூலகத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குக் கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். நிரப்பிக் கொடுத்தவற்றுள் உங்கள் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு மாதிரி தள்ளிவிட்டவைதான் அதிகம். அதற்காகச் சண்டை பிடிக்க வரவில்லை. அந்த மாதிரியைத் தணிக்கை செய்யப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதால், எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்த உங்கள் அதிகாரி, ஊரைப் பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்பதற்காக மாதிரியிலிருந்து பின்கோடை எடுத்துவிட்டோம் என்றார். கூட்டம் தலையாட்டியது. பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். கடன் வாங்கிய முதல் 12 மாதங்களில் ஒரு முறையாவது தவணை 30 நாள் தாமதமானால் அவரைக் கெட்ட கடனாளி என்று குறித்து, அந்தக் குறியை வைத்துத்தான் மாதிரியைப் பழக்கினார்களாம். எனக்கு உறுத்தியது இதுதான்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். தவணை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. எங்கள் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள், விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. ஜூன் 5 தவணை நிற்கிறது. ஜூலை 5 அன்று 30 நாள் நிறைந்துவிடுகிறது. உங்கள் பட்டியலில் அவர் கெட்டவர். ஆகஸ்டில் படகு கடலுக்குப் போகிறது, முதல் ஓட்டத்தின் பங்கு கைக்கு வருகிறது, ஆகஸ்ட் 20 அன்று மூன்று தவணைகளையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். தாமதம் மொத்தம் 76 நாள். ரிசர்வ் வங்கியின் கணக்கில் அது வாராக்கடன் ஆவதற்கு 90 நாள், அதாவது செப்டம்பர் 3 வர வேண்டும். வரவில்லை. நிறுவனத்துக்குப் பணம் முழுவதும் திரும்பிவிட்டது. ஆனால் மாதிரியின் பாடப்புத்தகத்தில் அவரும், கடனை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போனவரும் ஒரே குறியின் கீழ் நிற்கிறார்கள்.

தாமதம் தாமதம்தானே என்று கேட்பீர்கள். சரிதான். வசூல் பிரிவு அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குறியின் வேலை இவர் பணத்தை ஏமாற்றுவாரா என்று முன்கூட்டிச் சொல்வது. அரசாணையால் கரையில் நிற்கும் படகைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

குறி ஆளைப் பிடிக்கிறதா, நாள்காட்டியைப் பிடிக்கிறதா என்று சோதிக்க நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடத் தோதான இடம் கிடைக்காது. சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. அங்கே தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. ஒரே மாவட்டம், ஒரே தொழில், தடை மட்டும் வேறு வேறு மாதங்களில். பழக்கப் பயன்பட்ட கடன்களில் கெட்ட குறி விழுந்தவற்றை மட்டும் எடுத்து, எந்த மாதத்தில் விழுந்தது, எந்தப் பின்கோடு என்று எண்ணுங்கள். சின்னமுட்டம் பக்கத்துக் குறிகள் மே, ஜூனில் குவிந்து, குளச்சல் பக்கத்தவை ஜூலையில் குவிந்தால், ஆட்களின் ஒழுக்கம் ஊருக்கு ஊர் மாதம் பார்த்துக் கெடுகிறது என்று யாரும் வாதிட மாட்டார்கள். அடுத்த படியாக, அப்படிக் குறி விழுந்தவர்களில் எத்தனை பேர் 90 நாளைத் தொடாமல் கட்டி முடித்தார்கள் என்று பாருங்கள். சின்னமுட்டம் பக்கத்துக் கடன்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். அப்படியானால் ஓர் ஆண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்து எண்ணுங்கள்.

இந்த எண்ணிக்கையைத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வரும். யார் மீன்பிடித் தொழிலாளி என்றே உங்கள் தரவில் தெரியாது. விண்ணப்பத் திரையில் தொழில் என்ற இடத்தில் வருகிற பட்டியலில் எங்களுக்கு ஏற்ற சொல் இல்லை. முகவர்கள் அவசரத்தில் தினக்கூலி என்றோ சுயதொழில் என்றோ தட்டிவிடுகிறார்கள். நானே அப்படித் தட்டியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது விண்ணப்பங்களின் மூலத்தாள்களை எடுத்து, திரையில் பதிந்ததோடு ஒப்பிடுங்கள். கணினியில் இருப்பதைக் கணினியோடு ஒப்பிடுவது தரவுச் சோதனை ஆகாது.

இனி, பின்கோடை எடுத்துவிட்டோம் என்ற பதில். கெட்ட குறியே தடைக்காலத்தைச் சுமந்துகொண்டிருக்கும்போது, பின்கோடு போனால் மாதிரி வேறு தடயத்தைப் பிடித்துக்கொள்ளும். வங்கிக் கணக்கில் இரண்டு மாதம் வரவே இல்லாமல் இருப்பது, திடீரென்று மொத்தமாக வருவது, தடைக்கால நிவாரணம் என்று அரசுப் பணம் விழுவது, எல்லாம் கடற்கரையைக் காட்டிக்கொடுக்கும். இதையும் சோதித்துவிடலாம். மாதிரிக்குள் போகும் மற்ற தகவல்களை மட்டும் கொடுத்து, விண்ணப்பதாரர் கடற்கரைப் பின்கோடா உள்நாடா என்று ஊகிக்கும் ஒரு சிறு மாதிரியைக் கட்டச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் சரியாகச் சொன்னால், பின்கோடு வாசல் வழியாகப் போய் ஜன்னல் வழியாக வந்துவிட்டது என்று பொருள். எங்கள் மாவட்டத்தில் கடற்கரை என்பது வெறும் நிலப்பரப்பும் இல்லை. எந்தச் சமூகம், எந்த மதம் என்பதை ஏறக்குறைய அதுவே சொல்லிவிடும். அந்த விவரங்களை நீங்கள் கேட்பதில்லை என்பதால் பாகுபாடு இல்லை என்று ஆகிவிடாது. அளக்க வழியில்லை என்றுதான் ஆகும்.

ஒரு குறையை மட்டும் எந்தக் கணக்காலும் முழுதாக மூட முடியாது. தள்ளப்பட்டவர்கள் கடனைக் கட்டியிருப்பார்களா என்பதற்கு உங்களிடம் பதிவே இல்லை, ஏனென்றால் கடனே கொடுக்கவில்லை. விண்ணப்பம் தள்ளப்படும் எல்லையை ஒட்டி நிற்கும் சிலருக்குச் சீட்டுக் குலுக்கிச் சிறு தொகை கொடுத்துப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. அதற்கு ஆகும் நட்டத்தை முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு கையெழுத்து. 30 நாள் என்ற எல்லையைத் தேர்ந்தெடுத்தது யார்? என் ஊகம் இது: 90 நாள் தவறிய கடன்கள் மாதிரியைப் பழக்கப் போதாத அளவுக்குக் குறைவாக இருந்திருக்கும், அதனால் ஒரு பகுப்பாய்வாளர் எல்லையை இறக்கியிருப்பார். அது குற்றமில்லை, தொழிலில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் அந்த முடிவு எந்தக் கோப்பில் இருக்கிறது, இடர் மேலாண்மைக் குழுவில் யார் ஒப்புதல் கொடுத்தார், மாதிரியைக் கட்டிய வெளி நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத யாராவது அதைச் சரிபார்த்தாரா? கடன் மாதிரிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவு, வெளியாரிடம் வாங்கிய மாதிரியாக இருந்தாலும் இயக்குநர் குழு ஏற்ற கொள்கையும் தனிச் சரிபார்ப்பும் வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஒப்பந்தத்தைக் காட்டி வெளி நிறுவனம் பழக்கிய தரவைத் தர மறுத்தால், அதையே தணிக்கை அறிக்கையின் முதல் குறையாக எழுதுங்கள்.

பயிர்க்கடன் வாராக்கடனா என்று பார்க்கும்போது 90 நாளைப் பார்ப்பதில்லை, பயிர்ப் பருவத்தைப் பார்க்கிறார்கள். குலசேகரம் பக்கத்தில் மழையில் பால் வெட்டு நின்றால் கூலி நிற்கும் என்பது ரப்பர் தோட்டம் தெரிந்த எந்தக் கிளை மேலாளருக்கும் தெரியும். கடலுக்கும் பருவம் உண்டு. அதன் தேதிகளை அரசே அறிவிக்கிறது. தடை மாதங்களின் தவணையைக் கடன் போடும்போதே மற்ற பத்து மாதங்களில் பரப்பிவிட்டால், தடையால் விழும் அந்தக் கெட்ட குறி விழாது.

மாதவாரி எண்ணிக்கை தயாரானதும் ஊர்க் கூட்டத்துக்கு வந்து வாசித்துக் காட்டுங்கள். ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், அப்போது ஆண்கள் கடலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் ஒரு பழைய தணிக்கையாளர்